ஃபாயில்ஸ்: முப்பது மைல் அலமாரியும் மூன்று வரிசைகளும்

லண்டனில் சாரிங் கிராஸ் சாலையில் உள்ள ஃபாயில்ஸ் புத்தகக் கடை நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. ஒரு புத்தகக் கடையை எடைபோடுகிறவர்கள் பொதுவாக நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள். எத்தனை வகைப் புத்தகங்கள் இருக்கின்றன, கேட்ட புத்தகம் கையிருப்பில் இருக்கிறதா, விலை எப்படி, கடையில் இருப்பவர்கள் எந்த அளவுக்கு உதவுகிறார்கள் என்பவை அவை. இந்த நான்கும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள ஃபாயில்ஸைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். ஒரே சாலையில், ஒரே பெயரில், ஒரே குடும்பத்தின் கையில் அது இரண்டு விதமாக நடந்திருக்கிறது. 1999 வரை ஒரு விதம், அதற்குப் பிறகு வேறொரு விதம்.

கடை பிறந்தது ஒரு தோல்வியில். 1903-இல் வில்லியம், கில்பர்ட் என்ற ஃபாயில் சகோதரர்கள் இருவரும் அரசுப் பணித் தேர்வு எழுதித் தேறாமல் போனார்கள். தேர்வுக்காக வாங்கிய புத்தகங்களை விற்றுவிடலாம் என்று விளம்பரம் கொடுத்தார்கள். கேட்டு வந்த கடிதங்களைப் பார்த்ததும், பழைய பாடப்புத்தகங்களுக்கு இவ்வளவு கிராக்கி இருக்கிறது என்றால் இதையே தொழிலாகச் செய்யலாம் என்று முடிவு செய்தார்கள். வீட்டுச் சமையலறை மேசையில் தொடங்கிய வியாபாரம் 1904-இல் செசில் கோர்ட் என்ற சந்துக்கும், 1906-இல் சாரிங் கிராஸ் சாலைக்கும் வந்தது. 1929-இல் அதே சாலையில் பெரிய கட்டடம் ஒன்றுக்குக் கடை மாறியது.

பழைய புத்தகத்தில் தொடங்கிய கடை என்பது முக்கியமான செய்தி. புதிய புத்தகம் விற்கிறவர் அடுத்த மாதம் எது ஓடும் என்று கணக்குப் போட்டு வாங்குவார். பழைய புத்தகம் விற்கிறவரோ, நல்ல புத்தகம் என்று தெரிந்தால் வாங்கி அடுக்கிவைப்பார். இன்றில்லாவிட்டால் அடுத்த வருடம் அதைத் தேடி யாராவது வருவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. ஃபாயில்ஸ் புதிய புத்தகங்களை விற்கத் தொடங்கிய பிறகும் இந்த மனநிலை மாறவில்லை. அதன் பரப்பு வளர்ந்ததும் அதனால்தான். அலமாரிகளின் மொத்த நீளம் முப்பது மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர் என்று சொல்லப்பட்டது. கின்னஸ் புத்தகத்திலும் ஒரு காலத்தில் இடம்பெற்றது. உலகத்தில் எந்த மூலையிலிருந்து லண்டனுக்கு வரும் மாணவரும் ஆசிரியரும், வேறு எங்கும் கிடைக்காத புத்தகம் ஃபாயில்ஸில் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வந்தார்கள்.

வகை வளம் என்பதை வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் புத்தகங்களின் எண்ணிக்கையாகவே நினைத்துக்கொள்கிறார்கள். வாசலில் ஒரே நாவலின் நூறு பிரதிகள் மலைபோல் குவிந்திருந்தால் கடை நிறைந்து தெரியும். ஆனால் அங்கே இருப்பது ஒரே ஒரு தலைப்புதான். நூறு தலைப்புகளில் ஒவ்வொரு பிரதி வைத்திருக்கும் கடை பார்ப்பதற்கு எளிமையாக இருக்கலாம். தேடி வருகிறவருக்குப் பயன்படுவது அதுதான். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்த அவருடைய ஒரு புத்தகத்தை விட்டுவிட்டு, நான்காவதும் ஐந்தாவதுமாக வரும் புத்தகங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முதல் புத்தகம் எந்தக் கடையிலும் இருக்கும். ஐந்தாவது புத்தகத்தை வைத்திருப்பது செலவு பிடிக்கிற காரியம். அது ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் விற்கும், அதுவரை பணமும் இடமும் முடங்கிக் கிடக்கும். பழைய ஃபாயில்ஸ் அந்த ஐந்தாவது புத்தகத்தை வைத்திருந்த கடை. இந்த ஒரு விஷயத்தில் அதைக் குறை சொன்னவர்கள் குறைவு.

அவ்வளவு பணத்தை முடக்கி ஒரு கடை எப்படித் தாக்குப்பிடித்தது என்பதற்கு விடை விலையில் இருக்கிறது. பிரிட்டனில் 1900-ஆம் ஆண்டிலிருந்து ‘நெட் புக் அக்ரிமெண்ட்’ என்ற ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. பதிப்பாளர் ஒரு புத்தகத்துக்கு நிகர விலை என்று குறித்துவிட்டால், எந்தக் கடையும் அதற்குக் கீழே விற்கக் கூடாது. மீறுகிற கடைக்குப் புத்தகம் அனுப்புவதைப் பதிப்பாளர்கள் நிறுத்திவிடலாம். வேறு எந்தச் சரக்கிலும் இப்படி விலையைக் கட்டிவைப்பது வணிகப் போட்டிக்கு எதிரானது என்று கருதப்பட்ட காலத்திலும், புத்தகத்துக்கு மட்டும் இது இருக்கலாம் என்று 1962-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்குச் சொல்லப்பட்ட நியாயம் எளிமையானது. பரபரப்பாக விற்கும் புத்தகத்தில் கிடைக்கும் லாபத்தைக் கொண்டுதான் மெதுவாக விற்கும் புத்தகங்களைக் கடைகள் வைத்திருக்கின்றன. வேகமாக விற்பதை மட்டும் மலிவாகக் கொடுக்க ஒரு கடை கிளம்பினால், மற்ற கடைகள் அந்த லாபத்தை இழக்கும், மெதுவாக விற்பவை அலமாரியிலிருந்து மறையும்.

இந்த ஏற்பாட்டால் லண்டனின் பெரிய கடையிலும் சிற்றூரின் சின்னக் கடையிலும் ஒரே புதிய புத்தகத்துக்கு ஒரே விலைதான். ஆகவே அந்தக் காலத்தில் புதிய புத்தகக் கடைகளை விலையை வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை. கடைகள் மோதிக்கொள்ள மிச்சமிருந்தது மூன்று களங்கள்: வகை, கையிருப்பு, உதவி. ஃபாயில்ஸ் முதல் களத்தில் யாரும் எட்ட முடியாத இடத்தில் இருந்தது. மற்ற இரண்டிலும் அது நடந்துகொண்ட விதம்தான் அதன் பெயரைக் கெடுத்தது.

வில்லியம் ஃபாயிலின் மகள் கிறிஸ்டினா 1911-இல் பிறந்தவர். பதினேழு வயதில் கடைக்கு வேலைக்கு வந்தார். எழுத்தாளர்களை அழைத்து வாசகர்களோடு அமர்ந்து உண்ணவைக்கும் இலக்கிய விருந்துகளை 1930-இல் தொடங்கினார். அவை பெரும் புகழ்பெற்றன. 1945-இல் கடையின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. 1999-இல் இறக்கும்வரை அவரிடமே இருந்தது. விளம்பரம் தேடித் தருவதில் அவ்வளவு திறமை காட்டியவர், கடையின் உள் வேலைகளில் எந்த மாற்றத்தையும் அனுமதிக்கவில்லை. மின்னணுக் கல்லாப்பெட்டியும் கணக்கிடும் கருவியும் வேண்டாம் என்றார். தொலைபேசியில் ஆர்டர் எடுப்பதும் கிடையாது.

முதல் சிக்கல் புத்தகங்களை அடுக்கிய முறையில். எழுத்தாளர் பெயர், பொருள் என்ற வரிசையை விட்டுவிட்டு, பதிப்பாளர் வாரியாகப் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருந்தன. கடைக்காரருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது என்பது உண்மை. ஒரு பதிப்பகத்தின் விற்பனைப் பிரதிநிதி வந்தால், தங்கள் புத்தகங்கள் இருக்கும் அலமாரிக்கு நேராகப் போய், எவை தீர்ந்திருக்கின்றன என்று பார்த்து ஆர்டர் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் தேடும் புத்தகத்தின் பதிப்பாளர் யார் என்று தெரியும்?

ஆர்.கே. நாராயணின் புத்தகங்களை வைத்து இதைப் பார்க்கலாம். சென்னையில் பிறந்து, மால்குடி என்ற கற்பனை ஊரை ஆங்கிலத்தில் எழுதிய நாராயணின் நாவல்கள் லண்டனில் ஒரே பதிப்பகத்தில் வரவில்லை. முதல் நாவலான ‘சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ 1935-இல் ஹாமிஷ் ஹாமில்டன் வெளியீடு. ‘தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்’ 1937-இல் நெல்சன் வெளியீடு. அடுத்த ஆண்டு வந்த ‘தி டார்க் ரூம்’ மாக்மில்லன். 1945-இல் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ ஐர் அண்ட் ஸ்பாட்டிஸ்வுட். 1958-இல் ‘தி கைடு’ மெத்யூன். 1967-இல் ‘தி ஸ்வீட்-வெண்டர்’ பாட்லி ஹெட். ஆறு நாவல்களுக்கு ஆறு பதிப்பகங்கள். இவையெல்லாம் ஒரே நேரத்தில் ஒரு கடையில் இருந்தாலும், பதிப்பாளர் வாரியாக அடுக்கினால் ஆறு இடங்களுக்குச் சிதறிப்போகும். ‘தி கைடு’ படித்துவிட்டு, இவர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டு வரும் வாசகர் மெத்யூன் அலமாரியில் தேடிப் பார்ப்பார். அங்கே இல்லாத புத்தகம் கடையிலேயே இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடுவார். இரண்டு அலமாரி தள்ளி அது இருந்திருக்கும்.

வகை வளம் இங்கேதான் வீணாகிறது. பத்தாயிரம் புத்தகம் உள்ள சின்னக் கடையில் ஒழுங்கில்லாவிட்டால்கூட ஒருவர் ஒரு மணி நேரம் சுற்றிவந்து தேடிவிடலாம். முப்பது மைல் அலமாரியில் அது நடக்காது. கடை பெரிதாகப் பெரிதாக, அடுக்கும் முறையின் குறை வாசகரை அதிகமாகத் தண்டிக்கும்.

இரண்டாவது சிக்கல், கையிருப்பு என்ன என்று கடைக்கே தெரியாதது. ஒரு புத்தகம் அச்சில் இருக்கிறதா என்பதை அறிய அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கடைகளிடம் விட்டேக்கர் நிறுவனத்தின் பெரிய அட்டவணை இருந்தது. தலைப்பைப் பார்த்தால் பதிப்பாளரும் விலையும் தெரிந்துவிடும். ஆனால் அட்டவணை சொல்வது, புத்தகம் நாட்டில் எங்காவது விற்பனையில் இருக்கிறது என்பதைத்தான். இந்தக் கடையில், இந்த மாடியில், இந்த நிமிடம் ஒரு பிரதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு விற்றதையும் வந்ததையும் அன்றன்றைக்குக் கழித்துக் கூட்டும் பதிவு வேண்டும்.

அதற்கான வழி 1960-களிலேயே தயாராகத் தொடங்கியிருந்தது. டபிள்யூ.எச். ஸ்மித் என்ற பெரிய விற்பனை நிறுவனம் தன் கிடங்கைக் கணினிமயமாக்க விரும்பியபோது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி எண் தேவைப்பட்டது. அப்படிப் பிரிட்டனில் உருவான ஒன்பது இலக்க எண்தான் 1970-இல் பத்து இலக்கங்களோடு சர்வதேசத் தர எண்ணாக, ஐ.எஸ்.பி.என். ஆக மாறியது. 2007-இலிருந்து அது பதின்மூன்று இலக்கம். இந்த எண்ணைக் கோட்டுக்குறியாக அட்டையில் அச்சடித்து, கல்லாவில் ஒளிக்கதிரால் படிக்கும் வசதி வந்த பிறகு, விற்பனை நடக்கும் அந்த நொடியிலேயே கையிருப்பில் ஒன்று குறைந்துவிடும். மறுநாள் காலையில் எதை ஆர்டர் செய்ய வேண்டும் என்று கடைக்குத் தெரியும். மின்னணுக் கல்லாவே வேண்டாம் என்ற கடைக்கு இவற்றில் எதுவும் பயன்படவில்லை. விற்றுத் தீர்ந்த புத்தகம் தீர்ந்ததாகத் தெரியாமலே போகும். விற்காத புத்தகம் தூசி படிந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அரிய புத்தகம் தேடுகிறவருக்குச் சில நேரம் இதனால் அதிர்ஷ்டம் அடிக்கலாம். நாளை தேர்வுக்குப் புத்தகம் வேண்டும் என்று வரும் மாணவரால் அதிர்ஷ்டத்தை நம்பியிருக்க முடியாது.

மூன்றாவது சிக்கல்தான் உலகப் புகழ்பெற்றது. ஃபாயில்ஸில் ஒரு புத்தகம் வாங்க மூன்று முறை வரிசையில் நிற்க வேண்டும். எடுத்த புத்தகத்தை முதலில் அந்தப் பிரிவின் மேசையில் கொடுக்க வேண்டும். அங்கே இருப்பவர் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு கையால் ஒரு சீட்டு எழுதித் தருவார். சீட்டோடு காசாளரிடம் போய் மறுபடி நின்று பணம் கட்ட வேண்டும். பணம் கட்டிய சீட்டோடு முதல் மேசைக்கே திரும்பி, மூன்றாவது வரிசையில் நின்று புத்தகத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். விற்பனைப் பணியாளர்கள் கையில் பணம் புழங்கக் கூடாது என்பதுதான் இதற்குக் காரணம்.

தமிழ்நாட்டுப் பெரிய ஜவுளிக் கடைகளில் பில், கேஷ், டெலிவரி என்று மூன்று இடங்களுக்குப் போய்வந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஜவுளிக் கடையில் குடும்பமாக வந்து பல ஆயிரம் ரூபாய்க்கு வாங்குகிறார்கள். மாடி மாடியாக எடுத்த துணிகள் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும், வாங்கியவர் ஒரே முறை நின்றால் போதும். ஒரு பெங்குவின் காகித அட்டைப் புத்தகத்தை மதிய இடைவேளையில் வாங்க வந்தவரை மூன்று முறை நிற்கவைப்பது அதன் விலைக்கும் அவருடைய நேரத்துக்கும் கொஞ்சமும் பொருந்தாத முறை. வேறொரு பிரிவில் இன்னொரு புத்தகம் கண்ணில் பட்டால், அதற்கு மறுபடி சீட்டு எழுதி வாங்க வேண்டும். இரண்டாவது புத்தகம் வாங்கும் ஆசையையே அடக்கிவிடக்கூடிய ஏற்பாடு இது. புத்தகக் கடைகள் பிழைப்பதே தேடி வராத இரண்டாவது புத்தகத்தால்தான்.

அடுக்குமுறை குழப்பமாக இருந்தாலும், கையிருப்புப் பதிவு இல்லாவிட்டாலும், பல ஆண்டு அனுபவம் உள்ள பணியாளர் ஒருவர் இருந்தால் நிலைமையைச் சமாளித்துவிடலாம். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பது அவர் தலைக்குள் இருக்கும். பெயர் மறந்து, எழுத்தாளர் மறந்து, போரில் அண்ணனைத் தேடிப் போகும் கதை என்று மட்டும் சொல்கிறவருக்கும் அவர் நாலு கேள்வி கேட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். புத்தகக் கடையில் உதவி என்று சொல்வது இதைத்தான். புன்னகையும் பணிவும் எந்தக் கடையிலும் இருக்கலாம். அலமாரியைப் பற்றிய ஞாபகம் சேர ஆண்டுகள் ஆகும்.

பழைய ஃபாயில்ஸ் தன் பணியாளர்களை அந்த ஆண்டுகள் இருக்க விடவில்லை. சம்பளம் குறைவு. நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் எந்த நேரமும் வேலை போகலாம். 1965-இல் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கும் அளவுக்கு மனக்கசப்பு முற்றியது. புதிது புதிதாக ஆட்கள் வந்து, கடையைக் கற்றுக்கொள்வதற்குள் போய்விடும் இடத்தில், நினைவு எங்கே சேரும்? கணினிப் பதிவும் வேண்டாம், அனுபவசாலிகளும் வேண்டாம் என்று ஒரே நேரத்தில் முடிவு செய்ததுதான் அந்தக் கடையின் பெரிய தவறு. இரண்டில் ஒன்று இருந்திருந்தால்கூட வாசகர்கள் பிழைத்திருப்பார்கள்.

விலைப் போட்டி இல்லாத அதே காலத்தில் மற்ற கடைகள் உதவியால் போட்டியிட்டன. டிம் வாட்டர்ஸ்டோன் 1982-இல் தொடங்கிய வாட்டர்ஸ்டோன்ஸ் கடைகள், புத்தகம் படிக்கிறவர்களை வேலைக்கு வைத்து, எந்தப் புத்தகங்களை வாங்கிவைப்பது என்பதில் அந்தந்தக் கிளைக்கே சுதந்திரம் கொடுத்தன. மாலையில் நேரம் கழித்தும் திறந்திருந்தன. லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அருகில் இருந்த டில்லன்ஸ் கடை இன்னும் ஒரு படி மேலே போய், 1980-களில் ஃபாயில்ஸுக்கு எதிரில் இருந்த பேருந்து நிறுத்தத்திலேயே ஒரு விளம்பரம் வைத்தது. ஃபாயில்ஸில் ஏமாந்து வெளியே வருகிறவர்கள் டில்லன்ஸுக்கு வாருங்கள் என்பது அதன் சாரம்.

1995-இல் விலை ஒப்பந்தம் குலைந்தது. பெரிய பதிப்பகங்கள் சில அதிலிருந்து விலகின, 1997-இல் நீதிமன்றமும் அதைச் சட்டவிரோதம் என்று தீர்த்தது. மறு ஆண்டு அமேசான் பிரிட்டனுக்கு வந்தது. பல்பொருள் அங்காடிகளும் அதிகம் விற்கும் புத்தகங்களை மட்டும் எடுத்து மலிவாக விற்கத் தொடங்கின. சாதாரணப் புத்தகக் கடை இதில் எங்கே நிற்கிறது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். அட்டை விலை 10 பவுண்டு, பதிப்பாளர் கடைக்குத் தரும் கழிவு 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடை 6 பவுண்டுக்கு வாங்குகிறது. மீதி 4 பவுண்டில்தான் வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம். வாடிக்கையாளருக்கு 30 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் கடைக்கு மிஞ்சுவது 1 பவுண்டு. பெரும் அளவில் வாங்கி அதிகக் கழிவு பெறுகிற நிறுவனத்துக்கு இது கட்டுப்படியாகும். லண்டன் நடுவில் வாடகை உயர்ந்த சாலையில், ஆண்டுக்கு ஒன்று விற்கும் புத்தகங்களையும் வைத்திருக்கும் கடைக்குக் கட்டுப்படியாகாது.

இந்தச் சூழலில்தான் 1999-இல் கிறிஸ்டினா ஃபாயில் மறைந்தார். கடை அவருடைய சகோதரர் மகன் கிறிஸ்டோபர் ஃபாயிலின் பொறுப்புக்கு வந்தது. விலையில் ஜெயிக்க முடியாது என்பது தெரிந்த பிறகு, மிச்சமிருந்த மூன்றையும் சரிசெய்வதே வழி. புத்தகங்கள் பொருள் வாரியாகவும் எழுத்தாளர் வாரியாகவும் மாற்றி அடுக்கப்பட்டன. கணினிக் கல்லாக்கள் வந்தன. மூன்று வரிசைகள் ஒன்றாயின. 

வகை வளத்தைப் பெருக்கிய விதமும் கவனிக்கத்தக்கது. பெண்கள் எழுத்துக்கென்றே அதே சாலையில் நடந்துவந்த சில்வர் மூன் கடை நெருக்கடிக்கு ஆளானபோது 2001-இல் ஃபாயில்ஸ் அதைத் தன்னுள் ஒரு பிரிவாக ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜாஸ் இசைத்தட்டுகளுக்குப் பேர்போன ரேய்ஸ் ஜாஸ் கடையும் உள்ளே வந்தது. 2011-இல் பிறமொழிப் புத்தகங்களுக்குப் புகழ்பெற்ற கிராண்ட் அண்ட் கட்லர் சேர்ந்தது. ஒரு துறையில் பல ஆண்டு ஊறிய கடை வந்து சேரும்போது, எந்தப் புத்தகத்தை வைக்க வேண்டும் என்ற அறிவும், அதைத் தேடி வரும் வாசகர் கூட்டமும் கூடவே வருகின்றன. வெறும் புத்தக மூட்டைகளை வாங்கி அடுக்கியிருந்தால் இது கிடைத்திருக்காது.

2014-இல் கடை சில கட்டடங்கள் தள்ளி, 107 என்ற எண்ணுக்கு மாறியது. முன்பு சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி இருந்த கட்டடம் அது. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி மேலேறும் தளங்கள், 37,000 சதுர அடி பரப்பு. எந்தத் தளத்தில் நின்றாலும் மற்ற தளங்கள் கண்ணுக்குத் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். அலமாரிகளின் நீளம் நான்கு மைல், தலைப்புகள் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று திறக்கும்போது அறிவித்தார்கள். முப்பது மைலோடு ஒப்பிட்டால் இது பெரிய சரிவாகத் தோன்றும். ஆனால் வாசகர் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. எங்கே இருக்கிறது என்று தெரியாத புத்தகம், வாங்க வந்தவருக்கு இல்லாத புத்தகம்தான். இன்றைய நான்கு மைலில் இருப்பதைக் கடையால் தேடி எடுத்துக் கொடுக்க முடிகிறது. அந்த வகையில் இன்றைய ஃபாயில்ஸ் பழையதைவிட வளமானது என்று தயங்காமல் சொல்லலாம்.

2018-இல் வாட்டர்ஸ்டோன்ஸ் நிறுவனம் ஃபாயில்ஸை வாங்கியது. குடும்பத்தின் கையிலிருந்து கடை வெளியே போனது அப்போதுதான். வாட்டர்ஸ்டோன்ஸை அப்போது நடத்திவந்த ஜேம்ஸ் டான்ட், அதற்கு முன்பே ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்திருந்தார். முன்மேசையில் எந்தப் புத்தகத்தை வைப்பது என்பதற்குப் பதிப்பகங்களிடம் பணம் வாங்கும் வழக்கத்தை அவர் நிறுத்தினார். எதைக் கண்ணில் படும்படி வைப்பது என்று அந்தந்தக் கடைப் பணியாளர்களே முடிவு செய்தார்கள். இதற்கும் கையிருப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பிரிட்டனில் விற்காத புத்தகங்களைப் பதிப்பாளருக்குத் திருப்பி அனுப்பலாம். காசு வாங்கிக்கொண்டு குவித்தவை விற்காமல் மூட்டை மூட்டையாகத் திரும்பிப் போகும். அந்தப் போக்குவரத்துச் செலவும் அடைத்த இடமும் கடைக்கு நஷ்டம். தங்கள் வாசகர்களை அறிந்தவர்கள் தேர்ந்து வாங்கியபோது திரும்பிப் போகும் புத்தகங்கள் வெகுவாகக் குறைந்தன, அலமாரியில் வேறு தலைப்புகளுக்கு இடம் கிடைத்தது.

ஒரு கிளையில் இது நடக்கிறதா என்பதை வாசகரே கண்டுபிடிக்கலாம். முன்மேசையில் இருப்பவை எல்லாம் ஒரே மாதத்துப் புதுவரவாக, எந்த ஊர்க் கிளையிலும் காணும் அதே வரிசையாக இருந்தால், தேர்வு வேறெங்கோ நடக்கிறது. பத்து இருபது ஆண்டுக்கு முன் வந்த புத்தகம் ஒன்று நடுவில் இருந்தால், அதைப் படித்த ஒருவர் அந்தக் கடையில் வேலை செய்கிறார். அவரிடம் பேச்சுக் கொடுப்பது பயனுள்ளது.

விலையில் மட்டும் ஃபாயில்ஸிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலான புத்தகங்கள் அட்டை விலைக்குத்தான் கிடைக்கும், இணையத்தில் அதே புத்தகம் குறைவாக இருக்கலாம். பிரிட்டனில் அச்சுப் புத்தகங்களுக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை. நோட்டு, பேனா, வாழ்த்து அட்டை போன்றவற்றுக்கு 20 சதவீதம் உண்டு. ஆகவே நினைவுக்கு ஏதாவது வாங்க நினைப்பவருக்கு எழுதுபொருளைவிடப் புத்தகம் லாபம். 

லண்டன் போகிறவர்கள் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கினால் கடை நடக்கும் தூரம்தான். தேடும் புத்தகத்தின் பெயரையும் எழுத்தாளரையும், முடிந்தால் ஐ.எஸ்.பி.என். எண்ணையும் குறித்துக்கொண்டு போனால் தேடும் நேரம் மிச்சம். கிடைக்காவிட்டால் வருவித்துத் தர எத்தனை நாள் ஆகும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அச்சில் இல்லாததும் பழைய மலிவுப் பிரதியும் வேண்டுமென்றால், அதே சாலையில் தெற்கே நடந்தால் பழைய புத்தகக் கடைகள் சில இன்னும் இருக்கின்றன. ஃபாயில் சகோதரர்கள் 1904-இல் கடை போட்ட செசில் கோர்ட்டிலும் பழைய புத்தக வியாபாரம் நடக்கிறது. குறிப்பிட்ட புத்தகம் வேண்டுகிறவர் முதலில் ஃபாயில்ஸுக்குப் போகலாம், காசைக் கணக்குப் பார்க்கிறவர் முதலில் அந்தக் கடைகளுக்குப் போகலாம்.